3.0 என்பதும் சரியான விடைதான்

நூலும் அளவுகோலும் இல்லாமல், எந்த வட்டத்தின் சுற்றளவையும் அளக்காமல், வெறும் எண்களின் அட்டவணை ஒன்றை வைத்தே பையின் மதிப்பை மதிப்பிட முடியும். கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தம் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சித்தாளைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பியிருந்தார். தாளில் இருபது வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு தசம எண்கள், எல்லாம் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்டவை. அதற்குக் கீழே ஒரே ஒரு கேள்வி: இந்தப் புள்ளிகளைக் கொண்டு πயின் மதிப்பைக் கணக்கிடுக.

இந்தக் கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். வந்த விடையை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் நேரம் எடுக்கும் பகுதி. படத்தில் ஓர் இலக்கம் தெளிவில்லாமல் இருந்ததால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது.

முதலில் அடிப்படை. பக்கம் 1 உள்ள ஒரு சதுரத்தை வரைந்துகொள்ளுங்கள். அதன் இடது கீழ் மூலையை மையமாக வைத்து, 1 ஆரத்தில் கவராயத்தைச் சுழற்றினால் சதுரத்துக்குள் கால் வட்டம் ஒன்று கிடைக்கும். சதுரத்தின் பரப்பு 1. முழு வட்டத்தின் பரப்பு πr². இங்கே r ஒன்று என்பதால் அது π தான். ஆகவே கால் வட்டத்தின் பரப்பு π/4, அதாவது ஏறக்குறைய 0.7854. சதுரத்தின் மேல் ஒரு பிடி கடுகைக் கண்ணை மூடிக்கொண்டு சீராக இறைத்தால், நூற்றுக்கு 78 அல்லது 79 மணிகள் வில்லுக்கு உட்புறம் விழும். மிச்சம் வலது மேல் மூலையில் விழும். உள்ளே விழுந்தவற்றை எண்ணி, மொத்தத்தால் வகுத்து, நான்கால் பெருக்கினால் பை.

அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரிசையும் இப்படி இறைக்கப்பட்ட ஒரு மணியின் இருப்பிடம். முதல் எண் அது இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. இரண்டாவது, கீழ் ஓரத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று. இவையே அப்புள்ளியின் ஆயத்தொலைவுகள். இந்த எண்கள் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது சதுரத்தின் எந்தப் பகுதிக்கும் அதன் பரப்புக்கு மேல் சலுகை இருக்கக் கூடாது. புள்ளி வில்லுக்கு உள்ளேயா வெளியேயா என்று அறிய படம் வரையவே தேவையில்லை, பிதாகரஸ் தேற்றம் போதும். இரண்டு எண்களையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 1க்கு மிகாவிட்டால் உள்ளே, மிகுந்தால் வெளியே.

படத்திலிருந்த அட்டவணை இது:

```
 1  0.37  0.54     11  0.82  0.06
 2  0.91  0.28     12  0.19  0.62
 3  0.12  0.86     13  0.70  0.31
 4  0.74  0.89     14  0.99  0.45
 5  0.05  0.33     15  0.33  0.08
 6  0.63  0.78     16  0.56  0.23
 7  0.48  0.17     17  0.02  0.50
 8  0.88  0.95     18  0.77  0.24
 9  0.46  0.97     19  0.44  0.89
10  0.59  0.41     20  0.67  0.36
```

முதல் வரிசையைப் போட்டுப் பார்ப்போம். 0.37இன் வர்க்கம் 0.1369. 0.54இன் வர்க்கம் 0.2916. கூட்டினால் 0.4285, ஆகவே உள்ளே. எட்டாவது வரிசை 0.88, 0.95, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1.6769. ஐயமின்றி வெளியே. பெரும்பாலான வரிசைகள் இப்படித்தான், பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு எண்களும் 0.7க்கு மேல் போகாவிட்டால் கணக்கே தேவையில்லை, புள்ளி கட்டாயம் உள்ளேதான்.

சிக்கல் ஆறாவது வரிசையில் வந்தது. மேலே 0.78 என்று கொடுத்திருக்கிறேன். படத்தில் அந்த இடத்தில் ஒரு நிழல் விழுந்து, 8இன் இடப்பக்கம் மங்கிப்போய், அது 3 போலத் தெரிந்தது. 0.73 என்று எடுத்துக்கொண்டால் 0.3969 + 0.5329 = 0.9298, புள்ளி உள்ளே. அந்தக் கணக்கில் உள்ளே 16, வெளியே 4. நான்கு முறை 16, அதை 20ஆல் வகுத்தால் 3.2. பைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கேயே பேனாவை மூடிவிடத் தோன்றும்.

படத்தைப் பெரிதாக்கி, அதே தாளில் தெளிவாக இருக்கும் மற்ற 3களோடும் 8களோடும் ஒப்பிட்டபோது அது 8 என்று உறுதியாயிற்று. இப்போது 0.3969 + 0.6084 = 1.0053. மயிரிழையில் புள்ளி வெளியே போய்விட்டது. வெளியே இருப்பவை 4, 6, 8, 9, 14 ஆகிய ஐந்து வரிசைகள். உள்ளே 15. விடை 3.0.

தவறாகப் படித்தபோது 3.2, சரியாகப் படித்தபோது 3.0. பையிலிருந்து முதலாவது 0.06 தள்ளி இருக்கிறது, இரண்டாவது 0.14 தள்ளி. திருத்தியதால் விடை மோசமாகிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் இந்தத் தாளில் உள்ள எண்கள் சொல்லும் விடை 3.0 தான். அதைத்தான் எழுத வேண்டும்.

ஏன் என்று புரிய, இருபது புள்ளிகளால் என்னென்ன விடைகளைத் தர முடியும் என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே விழுந்தவை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். ஒரு புள்ளி கூடினால் விடை 4/20, அதாவது 0.2 கூடும். ஆகவே கிடைக்கக்கூடிய விடைகள் 2.8, 3.0, 3.2, 3.4 என்று 0.2 இடைவெளியில்தான் போகும். 3.14 என்ற விடை இந்த அட்டவணையிலிருந்து வரவே முடியாது. 3.2 தான் மிக அருகில் இருப்பது. அதுகூட இத்தகைய இருபது புள்ளி அட்டவணைகளில் ஐந்தில் ஒன்றில்தான் வரும். 3.0 சற்றுக் குறைவாக, ஏறத்தாழ அதே அளவுக்கு வரும். 2.8 முதல் 3.6 வரை உள்ள ஐந்து விடைகளையும் சேர்த்தால் ஆறில் ஐந்து அட்டவணைகள் அதற்குள் அடங்கிவிடும்.

இந்தச் சிதறலுக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை N என்றால், விடையின் வழக்கமான விலகல் 1.64/√N. திட்டப்பிழை என்று புள்ளியியலில் சொல்வது இதைத்தான். N இருபது என்றால் விலகல் 0.37. விடை πயிலிருந்து இந்தத் தூரத்துக்குள் இருப்பது சர்வசாதாரணம். இரண்டு மடங்குத் தூரத்துக்கு அப்பால் போவது அபூர்வம். நம்முடைய 3.0, 0.14தான் விலகியிருக்கிறது. எந்தக் குற்றமும் சொல்ல முடியாத விடை அது.

கீழே √N இருப்பதுதான் இந்த முறையின் பெரிய குறை. விலகலைப் பாதியாக்க நான்கு மடங்கு புள்ளிகள் வேண்டும். ஒரு தசம இடம் கூடுதலாகப் பெற நூறு மடங்கு வேண்டும். நூறு புள்ளிகளுக்கு 0.16, பத்தாயிரத்துக்கு 0.016, பத்து லட்சத்துக்கு 0.0016. விடை பையிலிருந்து 0.005க்கு மேல் விலகாது என்று இருபதுக்குப் பத்தொன்பது முறையாவது நம்ப வேண்டுமானால் நாலு லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள் தேவை. படத்துக்கு இருபது வரிசை என்றால் இருபதாயிரம் படங்களுக்கு மேல். கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், 96 பக்கப் பலகோணத்தை வைத்தே பை 3 10/71க்கும் 3 1/7க்கும் இடையில் இருக்கிறது என்று நிறுவிவிட்டார். பையின் இலக்கங்கள் வேண்டுமென்றால் யாரும் புள்ளிகளை இறைக்க மாட்டார்கள். சூத்திரமே இல்லாத, கோணல்மாணலான வடிவங்களின் பரப்பையும் கொள்ளளவையும் காண இந்த முறை உதவுகிறது. அமெரிக்காவின் லாஸ் அலாமோஸில், அணுவெடிப்பில் நியூட்ரான்கள் எப்படிப் பரவும் என்ற கணக்கோடு போராடிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாவ் உலாமும் ஜான் வான் நியூமனும் 1940களில் இதை முறையாக வளர்த்தார்கள். சூதாட்டத்துக்குப் பேர்போன மான்டி கார்லோ நகரின் பெயரை வைத்தார்கள். விடை தெரிந்த பையில் பழகிக்கொண்டால், விடை தெரியாத இடத்தில் விலகலை எப்படி மதிப்பிடுவது என்பது பிடிபடும். பயிற்சித்தாளின் நோக்கமும் அதுவே.

விடை முன்கூட்டியே தெரிந்திருப்பது இந்தப் பயிற்சியில் பெரிய ஆபத்தும்கூட. 1901இல் இத்தாலியைச் சேர்ந்த மாரியோ லாட்சரீனி என்பவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். சமதூரக் கோடுகள் போட்ட பரப்பில் ஊசியை எறிந்து, அது எத்தனை முறை கோட்டின் மேல் விழுகிறது என்று எண்ணிப் பையைக் காண்பது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் புஃபோன் சொன்ன வழி. லாட்சரீனியின் ஊசி நீளம் 2.5 செ.மீ., கோடுகளின் இடைவெளி 3 செ.மீ. 3408 முறை எறிந்ததில் 1808 முறை கோட்டைத் தொட்டது என்றார். அதிலிருந்து கிடைத்த பை 355/113, அதாவது 3.1415929. ஆறு தசம இடங்கள் சரி.

அத்தனை எறிதல்களுக்கு இயல்பான விலகல் சுமார் 0.05. அவருக்கோ பிழை ஏழாவது தசம இடத்தில்தான் இருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததாக வைத்துக்கொள்ளலாமா? எண்களைப் பிரித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 3408 என்பது 213இன் 16 மடங்கு. 1808 என்பது 113இன் 16 மடங்கு. 355/113 என்ற புகழ்பெற்ற பின்னம் வருவதற்குத் தோதான எண்ணிக்கையில் சோதனை நின்றிருக்கிறது. ஒரே ஓர் ஊசி கோட்டைத் தொடாமல் போயிருந்தால் விடை 3.1433 ஆகியிருக்கும். விடை அழகாக வந்த நொடியில் நிறுத்தினார், அல்லது எண்களையே அமைத்துக்கொண்டார் என்றுதான் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதினார்கள்.

நம் அட்டவணையிலும் அந்த வசதி உண்டு. பள்ளியில் படித்த 22/7 வேண்டுமா? 28 புள்ளிகள் எடுத்து, 22 உள்ளே இருந்தால் போதும்: 4 × 22/28 என்பது 22/7 தான். இருபது வரிசை முடிந்தபின் விடை பிடிக்காமல், அடுத்த பக்கத்திலிருந்து இன்னும் சில வரிசைகளைச் சேர்த்துக்கொண்டே போய், 22/7 வரும்போது நிறுத்துகிறவர் செய்வதும் லாட்சரீனி செய்ததாகச் சந்தேகிக்கப்படுவதும் ஒன்றுதான். எத்தனை வரிசை என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

மங்கலான இலக்கத்துக்கும் இதே விதி. விடை பிடிக்காதபோது மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது பிழை. நம் கதையில் முதல் விடை 3.2 என்று வந்துவிட்டதால் அங்கேயே நின்றிருந்தால், தவறான வாசிப்பு அப்படியே தங்கியிருக்கும். சரியான வழி, வர்க்கங்களின் கூட்டுத்தொகை 1க்கு நெருக்கமாக வரும் எல்லா வரிசைகளையும், உள்ளே இருப்பதானாலும் வெளியே இருப்பதானாலும், மீண்டும் படித்துப் பார்ப்பது. கடைசி இலக்கம் மாறினால் புள்ளி நகரக்கூடிய தூரம் அதிகபட்சம் 0.09. ஆகவே வில்லை ஒட்டிய ஒரு பட்டைக்குள் இருக்கும் புள்ளிகளுக்குத்தான் ஆபத்து. பத்தாவது வரிசையின் 0.41ஐ 0.47 என்று படித்தாலும் புள்ளி உள்ளேயே இருக்கும். எட்டாவது வரிசையின் 0.88ஐ 0.86 என்று படித்தாலும் வெளியேதான். ஆனால் பத்தொன்பதாவது வரிசையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். அதன் கூட்டுத்தொகை 0.9857. 0.44 என்பது உண்மையில் 0.49 ஆக இருந்தால் 1.03க்குப் போய் வெளியே வந்துவிடும். நான் பார்த்தேன், இரண்டும் 4 தான். தசமப் புள்ளியை அடுத்த முதல் இலக்கத்தில் பிழை வந்தால் புள்ளி எங்கிருந்து எங்கும் தாவலாம் என்பதால் அந்த இலக்கங்களை மட்டும் எல்லா வரிசைகளிலும் பார்த்தாக வேண்டும். ஒருவர் தாளைப் பார்த்து உரக்கப் படிக்க, மற்றவர் தட்டச்சு செய்ததைச் சரிபார்ப்பது அச்சகங்களின் பழைய வழக்கம். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எண்களின் அட்டவணையைப் படமெடுப்பதில் ஒரு நன்மை உண்டு. புள்ளிகளே வரையப்பட்ட சதுரத்தைச் சாய்வாகப் படமெடுத்து, அந்தப் படத்தின் மேல் அளவுகோல் வைத்து அளந்தால் எல்லாம் கெட்டுவிடும்; கேமராவுக்கு அருகில் உள்ள பக்கம் பெரிதாகவும் தொலைவில் உள்ளது சிறிதாகவும் தெரியும், சதுரம் சரிவகமாகிவிடும். எண்ணாக எழுதிய இடமோ எப்படிச் சாய்த்து எடுத்தாலும் மாறாது. 0.63 கோணலாகத் தெரிந்தாலும் 0.63 தான்.

அதே சமயம் படத்துக்கென்றே சில கேடுகள் இருக்கின்றன. அவற்றுள் சில விடையைத் தொடவே தொடாது, சில சத்தமில்லாமல் கெடுத்துவிடும். சில புத்தகங்களில் சதுரத்தின் மையத்தை மூலப்புள்ளியாக வைத்து, எண்களை −1 முதல் 1 வரை தருவார்கள். உள்ளே முழு வட்டமே இருக்கும். அந்த அட்டவணையில் கழித்தல் குறிகள் படத்தில் அழிந்துபோனாலும் கவலையில்லை, வர்க்கமாக்கியதும் குறி மறைந்துவிடும். படத்தின் அடியில் சில வரிசைகள் வெட்டுப்பட்டுப் போனாலும் வழக்கமாகக் கேடில்லை, புள்ளிகள் குறைந்து விலகல் கொஞ்சம் கூடும், அவ்வளவே. ஆனால் அட்டவணை ஏறுவரிசையில் அடுக்கப்பட்டிருந்தால் கதை வேறு. முதல் எண் 0.9க்கு மேல் உள்ள வரிசைகள் எல்லாம் அடியில் இருந்து, அவை வெட்டுப்பட்டால், வெளியே விழக்கூடிய புள்ளிகள்தான் அதிகம் தொலைகின்றன. அப்போது எத்தனை ஆயிரம் புள்ளி எடுத்தாலும் விடை 3.36ஐ நோக்கித்தான் போகும்.

இன்னொரு கேடு, ஒரே நெடுவரிசையை இருமுறை எடுத்துக்கொள்வது. கணினி நிரலிலோ விரிதாளிலோ A என்பதற்குப் பதில் B என்று எழுத ஒரு விரல் தவறினால் போதும். முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் ஒன்றாகிவிடுவதால் புள்ளிகள் எல்லாம் சதுரத்தின் மூலைவிட்டத்தின் மேல் வரிசையாக நின்றுவிடும். அந்தக் கோட்டில் 0.7071 வரை உள்ள பகுதி வில்லுக்குள் இருக்கிறது. நான்கால் பெருக்கினால் 2.83. சில நூறு வரிசைகள் போட்டும் விடை 2.83ஐச் சுற்றியே நின்றால், வேறெதையும் தேடாமல் சூத்திரத்தில் நெடுவரிசையின் எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். இருபது வரிசையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, இயல்பான விலகலே அதை மூடிவிடும்.

விரிதாளில் செய்கிறவர்களுக்கு: முதல் எண்களை A2 முதல் A21 வரையிலும் இரண்டாம் எண்களை B2 முதல் B21 வரையிலும் இட்டு, C2 முதல் C21 வரை முதல் சூத்திரத்தையும், வேறோர் இடத்தில் இரண்டாவதையும் எழுதலாம்.

```
=IF(A2^2+B2^2<=1,1,0)
=4*SUM(C2:C21)/COUNT(A2:A21)
```

படத்திலிருந்து எண்களைத் தானாக வாசிக்கும் செயலிகள் சிலசமயம் பூஜ்யத்துக்குப் பதில் O என்ற எழுத்தைப் போட்டுவிடும். அது `#VALUE!` என்று கத்திக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பயமில்லை. தசமப் புள்ளி விடுபட்டு 0.63 என்பது 63 ஆவதும், ஒரு கட்டம் காலியாகவே போவதும்தான் சத்தமில்லாமல் கெடுப்பவை. 63 வெளியே போய்விடும். காலிக் கட்டத்தை விரிதாள் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, இரண்டாம் எண் எதுவானாலும் அதை உள்ளே சேர்த்துவிடும். `=MAX(A2:B21)` ஒன்றுக்கு மேல் போகிறதா, `=COUNT(A2:B21)` சரியாக 40 வருகிறதா என்று பார்த்துவிட்டால் இரண்டும் பிடிபடும்.

இதுவரை சொன்னவை வாசிப்புப் பிழைகள். அட்டவணையில் எல்லா எண்களும் துல்லியமாகப் படிக்கப்பட்ட பிறகும் ஒரு கோளாறு மிச்சமிருக்கிறது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். எண்கள் எத்தனை தசம இடத்தோடு நிற்கின்றன, எப்படி நிறுத்தப்பட்டன?

ஒரே ஒரு தசம இடம் உள்ள அட்டவணையை எண்ணிப் பாருங்கள். 0.0 முதல் 0.9 வரை பத்து எண்கள். இரண்டிரண்டாகச் சேர்த்தால் நூறு புள்ளிகள்தான் சாத்தியம். கட்டம் போட்ட நோட்டில் கையால் எண்ணிவிடலாம். முதல் எண் 0.0 முதல் 0.4 வரை ஆகும்போது பத்துப் புள்ளிகளும் உள்ளே, 0.5க்கும் 0.6க்கும் ஒன்பது ஒன்பது, 0.7க்கு எட்டு, 0.8க்கு ஏழு, 0.9க்கு ஐந்து. மொத்தம் 88. ஆகவே இந்த அட்டவணை எத்தனை கோடி வரிசை நீண்டாலும் விடை 3.52ஐத்தான் நெருங்கும். சமவாய்ப்பில் எந்தத் தப்பும் இல்லை. எண்களின் வாலை வெட்டியதுதான் காரணம். 0.37 என்பது 0.3 ஆகவும் 0.39 என்பதும் 0.3 ஆகவும் வெட்டப்படும்போது எல்லாப் புள்ளிகளும் மூலையை நோக்கி, வில்லுக்கு உட்புறமாக, கொஞ்சம் நகர்ந்துவிடுகின்றன.

மருந்து எளிது. ஒவ்வோர் எண்ணோடும் அரைப்படி, இங்கே 0.05, கூட்டிவிட்டால் புள்ளி தன் கட்டத்தின் நடுவுக்கு வந்துவிடும். அப்படிச் செய்து எண்ணினால் நூறில் 79 உள்ளே வருகின்றன, விடை 3.16. வெறும் ஒற்றைத் தசம அட்டவணைக்கு இது வியக்கத்தக்க முன்னேற்றம்.

இரண்டு தசம இடங்களில் இந்தக் கோளாறு சிறுத்துவிடுகிறது, ஆனால் மறைவதில்லை. 0.00 முதல் 0.99 வரை வெட்டப்பட்ட பத்தாயிரம் சாத்தியப் புள்ளிகளில் 7953 உள்ளே, விடை 3.1812ஐ நோக்கிப் போகும். உண்மையைவிட 0.04 கூடுதல். வெட்டாமல் கிட்டத்தட்ட முழுமையாக்கியிருந்தால், அதாவது 0.376ஐ 0.38 என்று எழுதியிருந்தால், இந்தச் சாய்வு ஏறக்குறைய இல்லாமல் போய்விடும். எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, நீண்ட அட்டவணையில் 1.00 எங்காவது தென்படுகிறதா என்று தேடலாம். முழுமையாக்கிய அட்டவணையில் அது எப்போதாவது வரும். வெட்டிய அட்டவணையில் ஒருபோதும் வராது. சமவாய்ப்பு இலக்கப் பட்டியலிலிருந்து இரண்டிரண்டு இலக்கமாக எடுத்து முன்னால் தசமப் புள்ளி வைத்துக்கொண்டதென்றால் அது கட்டாயம் வெட்டிய அட்டவணைதான்.

நம் இருபது வரிசைகளில் எல்லா எண்ணோடும் 0.005 கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பதாவது வரிசை 0.9857இலிருந்து 0.99905க்கு ஏறி, வில்லின் விளிம்பில் நின்றுகொண்டது, வெளியே போகவில்லை. ஆறாவது இன்னும் தள்ளி வெளியே போயிற்று. விடை 3.0 மாறவில்லை. இருபது வரிசையில் 0.04 என்ற சாய்வு, 0.37 என்ற விலகலுக்குள் அமுங்கிவிடும். பத்தாயிரம் வரிசைக்கு விலகல் 0.016 ஆகக் குறையும்போதுதான் அந்த 0.04 தலைதூக்கும். புள்ளிகளைக் கூட்டக் கூட்டத் தற்செயல் விலகல் குறையும், சாய்வு குறையாது.

இத்தகைய சாய்வு அட்டவணை பிறக்கும் இடத்திலேயே நுழைந்துவிடவும் கூடும். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 1955இல் பத்து லட்சம் சமவாய்ப்பு இலக்கங்களை ஒரு புத்தகமாகவே அச்சிட்டு வெளியிட்டது. அவற்றை 1947இல் ஒரு மின்னணுக் கருவியிலிருந்து எடுத்தார்கள். ஒழுங்கற்ற மின்துடிப்புகளை எண்ணி, 32 இடங்கள் கொண்ட சுழல்சக்கரம் ஒன்று எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கு ஒப்பான வேலையை அது செய்தது. கருவியை எவ்வளவு சீர்ப்படுத்தியும், நாள்பட ஓடவிட்டுச் சோதித்தால் சில இலக்கங்கள் பக்கம் லேசான சாய்வு தென்பட்டது. ஐம்பது இலக்கங்கள் கொண்ட துளையட்டைகளாக அவற்றை வைத்திருந்தார்கள். ஒவ்வோர் அட்டையின் இலக்கங்களையும் அதற்கு முந்தைய அட்டையின் இலக்கங்களோடு கூட்டி, ஒன்றாம் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தச் சாய்வைக் கரைத்தபின்தான் அச்சுக்குக் கொடுத்தார்கள்.

கையால் எழுதிய அட்டவணைகளில் இது இன்னும் மோசம். மனிதர்கள் தம் மனம்போன போக்கில் எண்களை எழுதும்போது 0.00ஐயும் 0.99ஐயும் தவிர்ப்பார்கள், ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதத் தயங்குவார்கள். ஓரங்களும் மூலைகளும் ஆளில்லாமல் போகும். வெளியே உள்ள இடம் முழுவதும் வலது மேல் மூலையில் இருப்பதால் விடை மேல்நோக்கிப் போகும்.

நண்பரின் பயிற்சித்தாளுக்கு நான் எழுதி அனுப்பிய விடை இவ்வளவுதான்: வரிசைகள் 20, உள்ளே 15, மதிப்பீடு 3.0, திட்டப்பிழை 0.37, ஆறாவது வரிசையின் இரண்டாம் எண் படத்தில் மங்கலாக இருந்தது, 0.78 என்று படித்திருக்கிறேன், 0.73 என்றால் மதிப்பீடு 3.2 ஆகும்.